‘நெவர்’ என்று தொடங்கினால் ஏழு வருமா?

பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு வகுப்புக்கு வருகிறவர்களில் நர்ஸுகள் கணிசம். பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7 வேண்டும், எழுத்தில் 6.5 போதும் என்று 2018 கடைசியில் தளர்த்தினார்கள். எழுத்தில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால், அதைப் பற்றித்தான் வதந்திகளும் அதிகம். அதில் ஒன்று இது: “கட்டுரையில ஒரு இன்வெர்ஷனாவது இருந்தாத்தான் ஏழு போடுவாங்களாம்லா சார்?”

‘நெவர்’ போன்ற ஒரு சொல்லை வாக்கியத்தின் தலையில் வைத்து, துணைவினையை எழுவாய்க்கு முன்னால் திருப்பிப் போடுவதைத்தான் இன்வெர்ஷன் என்கிறார்கள். அது இருந்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி கிடையாது. இரண்டாம் பகுதிக் கட்டுரைக்கு நான்கு அளவுகோல்கள்: கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளின் கோவை, சொல்வளம், இலக்கணம். நான்குக்கும் சம எடை. வெளியாகியிருக்கும் மதிப்பெண் விளக்கத்தில், இலக்கணத்துக்கு 7 வாங்கக் கேட்பது பலவகையான சிக்கல் வாக்கியங்களும் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வருவதும். இன்வெர்ஷன் என்ற பேச்சே அங்கே இல்லை. ‘விச்’, ‘பிகாஸ்’, ‘ஆல்தோ’, ‘இஃப்’ போட்டு ஒழுங்காக எழுதிய வாக்கியமும் சிக்கல் வாக்கியம்தான். 6க்கான விளக்கத்தில் உள்ள ஒரு வரியைத்தான் நம்மவர்கள் கவனிக்க வேண்டும்: எளிய வாக்கியங்களில் இருக்கும் துல்லியம் சிக்கலான வாக்கியங்களில் இல்லை என்கிறது அது. அதாவது, தப்பாகப் போட்ட இன்வெர்ஷன் 7க்கு ஏற்றாது. 6க்கான அடையாளமாகவே நின்றுவிடும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பள்ளிக்கூடத்தில் போய் நிற்கும். ‘ஆஸ் சூன் ஆஸ்’ வாக்கியத்தை ‘நோ சூனர்… தேன்’ ஆக மாற்று என்று பத்தாவதிலும் பன்னிரண்டிலும் கேட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். மாற்றினால் மார்க் என்று பழகிய கை, கட்டுரையிலும் மாற்றப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பயிற்சியில் வாக்கியத்தின் பொருள் கேள்வித்தாளிலேயே இருந்தது. கட்டுரையில் பொருளும் நம்முடையது, அழுத்தம் எங்கே விழ வேண்டும் என்ற முடிவும் நம்முடையது.

சரி, இன்வெர்ஷன் என்னதான் செய்கிறது? ‘தி ரிவர் ரேர்லி டிரைஸ் அப்’ என்பது சாதாரண வாக்கியம்: ஆறு அரிதாகத்தான் வற்றும். ‘அரிதாக’ என்பதைத் தூக்கி முன்னால் வைத்தால் வாக்கியத்தின் உள்கட்டு மாறியாக வேண்டும்: ‘ரேர்லி டஸ் தி ரிவர் டிரை அப்’. கேள்வி கேட்கும்போது துணைவினை எழுவாய்க்கு முன்னால் வருமே, அதே வரிசை. ‘டிரைஸ்’ என்பதில் இருந்த ‘ஸ்’ கழன்று ‘டஸ்’ மேல் ஏறிவிடுகிறது. பின்னால் வரும் வினை மொட்டையாக நிற்கும். ‘ஹேஸ் நெவர் கிளியர்ட்’ போல ஏற்கெனவே துணைவினை இருந்தால் ‘டூ’வை அழைக்க வேண்டியதில்லை. இருப்பதே முன்னால் போகும்: ‘நெவர் ஹேஸ் தி கவர்ன்மென்ட் கிளியர்ட் திஸ் சேனல்’.

பழைய ஆங்கிலத்தில், இன்றைய ஜெர்மன் மொழியில் போலவே, வாக்கியத்தின் முதலில் வேறு எதையாவது வைத்தால் வினை இரண்டாவது இடத்துக்கு ஓடி வரும். காலப்போக்கில் அந்த வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. எதிர்மறைச் சொற்களுக்குப் பின்னால் மட்டும் அழுத்தமாகத் தங்கிவிட்டது. இந்த வாக்கியங்களில் கொஞ்சம் பழைய, மேடைத்தனமான வாசனை அடிப்பதற்கு இது ஒரு காரணம்.

தமிழில் இந்த வேலையே கிடையாது. ‘இந்தக் குளம் ஒருநாளும் நிரம்பினதில்லை’ என்றும் சொல்லலாம், ‘ஒருநாளும் இந்தக் குளம் நிரம்பினதில்லை’ என்றும் சொல்லலாம். எதை முன்னால் வைத்தாலும் வினை கடைசியில் இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. எதிர்மறையும் அந்த வினையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. கேள்விக்கும் ஒரு ‘ஆ’ போட்டால் போதும். அதனால்தான் நம் பிள்ளைகள் ‘நெவர்’ஐ மட்டும் முன்னால் நகர்த்திவிட்டு ‘நெவர் ஐ ஹேவ் சீன்’ என்று எழுதுகிறார்கள். தமிழ்க் காதுக்கு அதில் குறையே தெரியாது. ‘வொய் யூ ஆர் லேட்?’ என்று கேட்கிறவரும் இதே தப்பைத்தான் செய்கிறார். ஒரு மாணவர் பேச்சில் கேள்வியைச் சரியாகக் கேட்கிறாரா என்று பார்த்தாலே, அவருக்கு இன்வெர்ஷன் சொல்லிக்கொடுக்கலாமா, இன்னும் ஒரு மாதம் போகட்டுமா என்று தெரிந்துவிடும்.

அடுத்த கட்டத்தில் வரும் தப்பு கொஞ்சம் நுட்பமானது. முன்னால் எதிர்மறைச் சொல் இருந்தாலே வரிசை மாற வேண்டும் என்று எடுத்துக்கொள்வது. அப்படியில்லை. அந்த எதிர்மறை வாக்கியம் முழுவதையும் மறுக்க வேண்டும். ‘இன் நோ டைம் தி டேங்க் வாஸ் ஃபுல்’ என்றால் கொஞ்ச நேரத்தில் குளம் நிரம்பிவிட்டது. ‘அட் நோ டைம் வாஸ் தி டேங்க் ஃபுல்’ என்றால் எந்தச் சமயத்திலும் குளம் நிறைந்திருக்கவில்லை. இரண்டிலும் ‘நோ’ இருக்கிறது. ஆனால் முதலாவதில் குளம் நிரம்பிய கதை, அங்கே ‘நோ’ மறுப்பது நேரத்தை மட்டும். அதனால் வரிசை மாறவில்லை. ‘நாட் லாங் அகோ’வும் இப்படித்தான்: ‘கொஞ்ச நாளைக்கு முன்னால்’ என்று மட்டுமே பொருள், பின்னால் சாதாரண வரிசை. நடந்ததா இல்லையா என்று தமிழில் கேட்டுப் பார்த்தால் போதும். ‘நடந்தது’ என்று பதில் வந்தால் பெரும்பாலும் மாற்றக் கூடாது. ‘அரிதாக’, ‘மட்டும்’ என்ற பொருளில் வரும் ‘ரேர்லி’, ‘ஒன்லி வென்’ வகைதான் இந்தச் சோதனைக்கு அடங்காது. அவற்றைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எதிர்மறை எழுவாயோடு சேர்ந்திருந்தாலும் மாற்றம் கிடையாது. ‘நோ ஒன் கிளியர்ட் தி சேனல்’, ‘ஒன்லி ஃபார்மர்ஸ் நோ திஸ்’ இரண்டும் அப்படியே சரி. ‘நாட் ஒன்லி’ அதிகமாக ஏமாற்றுவது இங்கேதான். அது எழுவாயைப் பிடித்திருக்கிறதா, வினையைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்காமல் எழுதுகிறார்கள்.

‘ஒன்லி வென்’, ‘ஒன்லி ஆஃப்டர்’, ‘நாட் அன்டில்’ மூன்றும் வேறு விதத்தில் மடக்கும். அவற்றுக்குப் பின்னால் ஒரு துணைவாக்கியம் வருகிறது, அப்புறம் முதன்மை வாக்கியம். வரிசை மாற வேண்டியது முதன்மை வாக்கியத்தில் மட்டும். ‘ஒன்லி வென் தி டேங்க் ரன்ஸ் டிரை டூ பீப்பிள் நோட்டீஸ் இட்’: குளம் வற்றும்போதுதான் மக்கள் கவனிக்கிறார்கள். ‘டூ’ எவ்வளவு தள்ளி வருகிறது பாருங்கள். அவ்வளவு தூரம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ‘ஒன்லி வென் டஸ் தி டேங்க்’ என்று உடனே திருப்பிவிடுகிறார்கள். இலக்கணம் தெரியாதவர் செய்யும் தப்பு இல்லை இது. பாதி தெரிந்தவர் செய்வது. அதே ஆள் ‘ஐ டோன்ட் நோ வொய் இஸ் ஹி லேட்’ என்றும் எழுதுவார், ஒரே காரணத்தால்.

இலக்கணம் சரியாக வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த வாக்கியம் கட்டுரையில் இருக்க வேண்டுமா என்பது தனிக் கேள்வி. அச்சடித்த குறிப்புகளில் எல்லா இன்வெர்ஷன்களையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுவதால், அவை ஒரே இடத்தில் புழங்குபவை என்று தோன்றிவிடுகிறது. ‘ஹார்ட்லி… வென்’, ‘நோ சூனர்… தேன்’, ‘லிட்டில் டிட் ஐ நோ’ மூன்றும் கதை சொல்லும் கட்டமைப்புகள். 2023 டிசம்பர் 17, 18ல் தாமிரபரணியில் வெள்ளம் வந்ததை ஒருவர் விவரிக்கிறார் என்றால், மழை பிடித்ததுமே தெருவில் தண்ணீர் ஏறியதைச் சொல்ல ‘ஹார்ட்லி’ அருமையாகப் பொருந்தும். நகரங்களில் பொதுப் போக்குவரத்துக்கு அரசு செலவழிக்க வேண்டுமா என்று வாதாடும் கட்டுரையில் அதற்கு இடமே வராது. இழுத்துக்கொண்டு வந்தால், மனப்பாடம் செய்ததைத் திணித்திருக்கிறார் என்று தெரியும். மனப்பாட வரிகளை அடையாளம் காணத் தேர்வாளர்களுக்குப் பயிற்சி உண்டு. ‘அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்’ விதிமுறைப் பலகையின் மொழி. ஆஸ்பத்திரிச் சுவரில் பொருந்தும், வாதத்தில் அதட்டலாகக் கேட்கும்.

கட்டுரைக்கு உண்மையிலேயே உதவுபவை என்று நான் எடுத்து வைப்பது இரண்டு. ஒன்று ‘ஒன்லி வென்’, ‘ஒன்லி இஃப்’ வகை. ஒரு நிபந்தனையைச் சொல்லி அதற்குமேல் நகர முடியாது என்று கோடு கிழிக்க அது வசதி. இன்னொன்று யாரும் கண்டுகொள்ளாத ‘நார்’. ‘தி டேங்க் வாஸ் நாட் டீப்பன்ட், நார் வேர் இட்ஸ் சேனல்ஸ் கிளியர்ட்’: குளத்தைத் தூர்வாரவும் இல்லை, கால்வாய்களைச் சுத்தம் செய்யவும் இல்லை. இரண்டு குறைகளை அடுக்கும்போது இயல்பாக வந்து விழும், அலங்காரமாகவே தெரியாது, ஆனால் வரிசை மாற்றம் முழுதாக இருக்கிறது. மாணவர்களுக்கு இதில் ஆர்வம் வருவதில்லை. ‘நெவர் பிஃபோர்’ மாதிரி மீசை முறுக்காது அல்லவா.

பல தாள்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பதைச் சேர்த்து நானே ஒரு பத்தி எழுதிக் காட்டுகிறேன். தலைப்பு: தண்ணீர்ப் பற்றாக்குறைக்கு அரசு பொறுப்பா, மக்கள் பொறுப்பா? பத்தி இது:

‘நெவர் பிஃபோர் ஹேவ் பீப்பிள் ஃபேஸ்ட் சச் எ வாட்டர் கிரைசிஸ். நாட் ஒன்லி தி கவர்ன்மென்ட் இஸ் ரெஸ்பான்சிபிள் பட் ஆல்சோ தி பீப்பிள் ஆர் ரெஸ்பான்சிபிள். ஒன்லி வென் டிட் தி டேங்க்ஸ் டிரை, பீப்பிள் அண்டர்ஸ்டுட் தெயர் வேல்யூ. ஹேட் தி சேனல்ஸ் பீன் கிளீன்ட், திஸ் பிராப்ளம் வுட் நாட் ஹேவ் அரைசன். அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ் பீப்பிள் ஷுட் வேஸ்ட் வாட்டர்.’

முதல் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. பிழை சொன்ன விஷயத்தில். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையே உலுக்கிய தாதுவருடப் பஞ்சத்தைத் தாத்தா பாட்டி வழியாகக் கேட்ட ஊரில் இருந்துகொண்டு, ‘இதற்கு முன் ஒருபோதும் இல்லாத நெருக்கடி’ என்று எப்படி எழுதுவது? எழுதுகிறவர் அதை நம்பி எழுதவில்லை. ‘நெவர் பிஃபோர்’ என்ற கட்டமைப்புக்குப் பெரிய கூற்று ஒன்று தேவைப்பட்டது, எழுதிவிட்டார். கட்டமைப்பு கருத்தை இழுத்துக்கொண்டு போன இடம் இது. அடிபடுவது இலக்கண மதிப்பெண் இல்லை, கேள்விக்குப் பதில் சொன்ன விதத்துக்கான மதிப்பெண்.

இரண்டாவது வாக்கியத்தில் ‘நாட் ஒன்லி’ எதைப் பிடிக்கிறது என்பது குழம்பிவிட்டது. அரசு மட்டுமல்ல, மக்களும் என்பதுதான் கருத்து என்றால் அது எழுவாயைத்தான் பிடிக்கிறது. இன்வெர்ஷனே வேண்டாம்: ‘நாட் ஒன்லி தி கவர்ன்மென்ட் பட் ஆல்சோ தி பீப்பிள் ஆர் ரெஸ்பான்சிபிள்’. அதைவிட ‘போத்’ போட்டு ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். ‘நாட் ஒன்லி’ வருகிற இடங்களில் பாதிக்கு மேல் ‘அண்ட்’ போட்டாலே போதுமானவை. இரண்டாவதாகச் சொல்வது முதலாவதைவிட வியப்பாக இருந்தால்தான் இந்தக் கட்டமைப்புக்கு வேலை. மக்களும் பொறுப்பு என்பதில் யாருக்கும் வியப்பில்லை. தலைப்பே அதைத்தான் கேட்கிறது.

மூன்றாவதில் திருப்பம் தப்பான பாதியில் விழுந்திருக்கிறது. நான்காவது ஒழுங்காக இருக்கிறது. ‘இஃப்’ஐ எடுத்துவிட்டு ‘ஹேட்’ஐ முன்னால் கொண்டுவந்த நிபந்தனை வாக்கியம், கடந்த காலத்தில் நடக்காமல் போனதைச் சொல்கிறது. ஆனால் சுற்றிலும் இவ்வளவு சத்தம் இருப்பதால் அதன் குரல் கேட்கவில்லை. ஐந்தாவதில் ‘ஷுட்’ எழுவாய்க்கு முன்னால் வரவில்லை. வந்திருந்தாலும் அதட்டல் அதட்டல்தான்.

ஐந்து வாக்கியமும் குரலை உயர்த்தினால் எது முக்கியம் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? மேலும், வாக்கியங்களுக்கு இடையே எந்த ஒட்டும் இல்லை என்பதைப் பாருங்கள். முன் வாக்கியத்தில் முடிந்த இடத்திலிருந்து அடுத்தது தொடங்கினால்தான் பத்தி நகரும். இன்வெர்ஷன் வாக்கியத்தின் தலையில் ‘நெவர்’, ‘நாட் ஒன்லி’ போல ஒரு புதிய அழுத்தச் சொல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. பழைய வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ள அங்கே கொக்கி இல்லை. கோவைக்கான மதிப்பெண்ணும் இங்கே கரைகிறது. ‘நார்’ மட்டும் விதிவிலக்கு, அதற்குள்ளேயே ‘மேலும்’ இருக்கிறது.

இதே கருத்தை இப்படி எழுதலாம்:

‘போத் சைட்ஸ் ஷேர் தி பிளேம். தி கவர்ன்மென்ட் டஸ் நாட் டீப்பன் தி டேங்க்ஸ் ஆன் டைம், நார் டஸ் இட் ஸ்டாப் பீப்பிள் ஃப்ரம் பில்டிங் ஆன் தெம். ஹவுஸ்ஹோல்ட்ஸ், ஃபார் தெயர் பார்ட், த்ரோ ரப்பிஷ் இன்டு தி சேனல்ஸ் தட் ஃபில் தோஸ் டேங்க்ஸ். ஒன்லி வென் தி வாட்டர் ரன்ஸ் அவுட் டஸ் ஐதர் ஆஃப் தெம் டேக் நோட்டீஸ்.’

இரு தரப்பும் குற்றவாளி. அரசு சமயத்துக்குத் தூர்வாருவதில்லை, குளத்தில் வீடு கட்டுகிறவர்களைத் தடுப்பதும் இல்லை. மக்கள் தங்கள் பங்குக்கு அதே குளங்களை நிரப்பும் கால்வாயில் குப்பை கொட்டுகிறார்கள். தண்ணீர் தீர்ந்தபிறகுதான் இருவரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பாளையங்கால்வாயை ஒட்டி நடந்து போகிற யாருக்கும் இதை யோசித்து எடுக்க வேண்டியதில்லை. இதிலும் இரண்டு இன்வெர்ஷன் இருக்கிறது. முதலாவது ஓசையில்லாமல் இணைக்கிறது. இரண்டாவது பத்தியின் முடிவாக, வாதத்தின் கூர்மையாக வருகிறது. அதற்கு முன்னால் மூன்று வாக்கியங்கள் தாழ்ந்த குரலில் போனதால்தான் அது கேட்கிறது. அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரண வரிசைக்கு மாற்றிப் பாருங்கள்: ‘ஐதர் ஆஃப் தெம் டேக்ஸ் நோட்டீஸ் ஒன்லி வென்…’ என்று தடுமாறும். இங்கே திருப்பித்தான் எழுத வேண்டும் என்று வாக்கியமே கேட்கிறது. கட்டுரை முழுவதற்கும் 250லிருந்து 290 சொல், பதினைந்து வாக்கியம் சொச்சம். ‘நார்’ஐக் கணக்கில் சேர்க்காமல், அழுத்தமான இன்வெர்ஷன் அதில் ஒன்று வந்தால் நிறைவு. இரண்டு இருந்தால் வேறு வேறு பத்தியில் இருக்கட்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் 7 வரும், 8கூட வரும்.

இன்வெர்ஷனின் உறவுக்காரர்கள் சிலரையும் சொல்லிவிடுகிறேன். நிபந்தனையில் ‘ஹேட்’, ‘வேர்’, ‘ஷுட்’ முன்னால் வரும்போது எதிர்மறையைச் சுருக்கி ஒட்டக் கூடாது. ‘ஹேட் தி சேனல்ஸ் நாட் பீன் பிளாக்ட்’ என்றுதான் எழுதலாம். ‘ஹேடன்ட் தி சேனல்ஸ்’ என்று தொடங்க முடியாது. ‘சோ கிரேட் வாஸ் தி டேமேஜ் தட்…’ என்பது சேதத்தின் அளவுக்கு ஆதாரம் அடுத்த பாதியிலேயே வந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் வெறும் பெருமூச்சு. எழுவாயைத் தொங்கவிடும் எச்சத் தொடர்தான் இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘லிவிங் நியர் தி ரிவர், வாட்டர் இஸ் ஸ்டில் ஸ்கேர்ஸ்’. ஆற்றங்கரையில் குடியிருப்பது மக்கள். வாக்கியப்படி தண்ணீர் குடியிருக்கிறது. தமிழில் ‘மழை பெய்து குளம் நிரம்பியது’ என்று இரண்டு எழுவாயோடு எச்சத்தைக் கோக்க முடிவதால் இந்தப் பிழை நம் கண்ணுக்குத் தெரியாமல் நழுவும். காற்புள்ளிக்குப் பின்னால் முதலில் வரும் பெயரை எடுத்து, முன்பாதியின் வேலையை அது செய்ய முடியுமா என்று கேட்டால் பிடிபட்டுவிடும்.

தேர்வில் கட்டுரைக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கச் சொல்கிறார்கள். அதில் கடைசி மூன்று நிமிடத்தில் பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: எழுதிய இன்வெர்ஷனில் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ இருந்தால் அதற்குப் பின்னால் வரும் வினையில் ‘ஸ்’ஸோ ‘எட்’டோ ஒட்டியிருக்கிறதா, ‘ஒன்லி வென்’ இருந்தால் திருப்பம் காற்புள்ளி போடத் தோன்றும் இடத்துக்குப் பின்னால் விழுந்திருக்கிறதா. (அந்த இடத்தில் காற்புள்ளி போடாமல் விடுவதே வழக்கம்.) இரண்டில் ஒன்று சந்தேகமாக இருந்தால் யோசிக்க வேண்டாம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வினைக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே எழுதிவிடுங்கள்: ‘தி ரிவர் ரேர்லி டிரைஸ் அப்’. கணினியில் எழுதுகிறவர்களுக்கு அடிக்கும் வேலைகூட இல்லை, பத்து விநாடியில் முடியும்.